சமப் பங்கா, கிலோ கூலியா, மணிக்கணக்கா: மகளிர் குழுவின் வருமானத்தைப் பிரிக்கும் மூன்று வழிகள்

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து சத்துமாவு தயாரித்து, உள்ளூர்க் கடைகளிலும் வாரச் சந்தையிலும் விற்கிறோம். வருமானத்தைப் பிரிக்க எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: எல்லோருக்கும் சமப் பங்கு, தயாரித்த கிலோவுக்குக் கூலி, உழைத்த மணிக்கு ஏற்ற பங்கு. நாங்கள் மணிக்கணக்கைத் தேர்ந்தெடுத்தோம். என் சாய்வும் அதன் பக்கமே.

சமப் பங்கில் கணக்கு எளிது; நான்கைந்து பேர் ஒரே நேரத்துக்கு வந்து ஒரே நேரத்தில் வீடு திரும்பும் குழுவுக்கு அதுவே போதும். பன்னிரண்டு பேரில் ஒருத்திக்குக் கைக்குழந்தையும் இன்னொருத்திக்கு நூறு நாள் வேலையும் இருக்கும்போது, அதிகம் வருபவர்கள் மெல்ல மெல்ல வருகையைக் குறைத்துக்கொள்கிறார்கள். இந்தச் சோர்வு விற்பனையில் தெரிவதற்கு முன்பே வருகைப் பதிவேட்டில் தெரிந்துவிடும்.

கிலோ கூலிதான் முதற்பார்வைக்கு மிக நியாயமாகத் தோன்றுவது. ஆனால் அது எந்த உழைப்பைக் காண்கிறது, எதைக் காணாமல் விடுகிறது என்பதில்தான் என் முடிவு நின்றது. ஒரு மாதக் கணக்கை முழு எண்களாக்கிச் சொல்கிறேன். 300 கிலோ மாவை, கிலோ 200 ரூபாய்க்கு விற்று 60,000 ரூபாய் வருகிறது. தானியம், அரவைக் கூலி, பை, வண்டி வாடகை ஆகியவற்றுக்கு 38,000 போக மிச்சம் 22,000. வங்கிக் கடன் குழுவின் பெயரில் இருப்பதால், தொழிலில் இறங்காத உறுப்பினரும் அதற்குப் பொறுப்பாகிறார். எனவே 2,000 ரூபாயைக் குழுவின் பொதுக் கணக்கில் போட்டுவிட்டு, 20,000 ரூபாயைப் பிரிக்கிறோம்.

கேழ்வரகையும் கம்பையும் பயறையும் ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி, வறுத்து, அரைத்து வந்த மாவைச் சலித்து எடைபோட்டுப் பொட்டலமிட, பத்துக் கிலோவுக்குப் பத்து மணி உழைப்பு என்று வைத்தால், 300 கிலோவுக்கு 300 மணி ஆகும். அதே மாதத்தில் மொத்தச் சந்தையில் தானியம் வாங்குவது, அரவை மில்லில் காத்திருப்பது, கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோவது, பாக்கி வசூலிப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் சேர்ந்து இன்னும் 200 மணி ஆகின்றன. கிலோவுக்கு மட்டும் கூலி என்றால் இந்த 200 மணிக்கு ஒரு காசும் இல்லை. விளைவாக வறுக்கவும் சலிக்கவும் எல்லோரும் முன்வருவார்கள். கடை கடையாக ஏறி இறங்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். கிலோ கூலியைச் சரக்குத் தயாரானவுடன் கொடுத்தாக வேண்டும் என்பதும் சிக்கல்தான். கடைக்காரர் பழைய சரக்கு விற்ற பிறகே பணம் தருவார். நிலக்கடலை சேர்த்த மாவு தேங்கிக் காறல் வாடை அடித்தால், கூலி போன பணம் திரும்பாது.

மணிக்கணக்கில் அந்த 20,000 ரூபாய் 500 மணிக்குப் பிரிகிறது. ஒரு மணிக்கு 40 ரூபாய். வறுத்தாலும் விற்றாலும் கணக்கு எழுதினாலும் அதே மதிப்புதான். 70 மணி உழைத்தவருக்கு 2,800 ரூபாயும் 20 மணி உழைத்தவருக்கு 800 ரூபாயும் கிடைக்கும். சமப் பங்கில் இருவருக்கும் 1,667 ரூபாய்தான். வாரந்தோறும் மணிக்கு 25 ரூபாய் முன்பணமாகக் கொடுத்து, மீதியை மாத முடிவில் கைக்கு வந்து சேர்ந்த பணத்திலிருந்து மட்டுமே தருகிறோம். கடைப் பாக்கி வசூலாகும் வரை அது யாருடைய வருமானமும் அல்ல.

இந்த முறையில் வரும் கோளாறு மணிகள் ஊதிப்போவது. 300 கிலோவுக்கு 500 மணி ஆன இடத்தில் அடுத்த மாதம் 600 மணி எழுதப்பட்டால், மணி மதிப்பு 33 ரூபாய்க்கு இறங்கி எல்லோருடைய பங்கும் குறையும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி என்று கூட்டத்தில் முன்கூட்டியே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறோம். வேகமானவர் சீக்கிரம் முடித்தாலும் அதே மணிதான். மெதுவாகச் செய்பவருக்கும் கூடுதல் மணி இல்லை. சந்தைக்குப் போவதற்கு மட்டும் இருவர் சேர்ந்து போய், இருவரும் கையெழுத்திட வேண்டும்.

அப்பளத்துக்கு இதே தீர்ப்பைச் சொல்லத் தயங்குகிறேன். 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பள நிறுவனத்தில், பெண்கள் மாவை வீட்டுக்கு எடுத்துச் சென்று தேய்த்துக் கொண்டுவந்த எடைக்கே கூலி பெறுகிறார்கள். அங்கே விற்பனைக்குத் தனி ஏற்பாடு உண்டு. தேய்க்கும் உழைப்பு முழுவதும் தராசில் தெரிந்துவிடுகிறது. ஐம்பது, அறுபது பேர் சேர்ந்த குழுவில் மணி எழுதுவது எப்படி இருக்கும் என்பதிலும் எனக்கு அனுபவம் இல்லை; பன்னிரண்டு பேரில் ஒருவர் எழுதிய மணியை மற்றவர்கள் கண்ணால் பார்த்திருப்பதால்தான் எங்கள் பதிவேட்டை நம்ப முடிகிறது.