இரண்டு வருடமாக வாட்ஸ்அப்பில் இறால் தொக்கு விற்கிறேன்

நெல்லிக்குப்பத்துத் தோழி பொடி வகைகள் விற்க ஆரம்பிக்கிறாளாம். "கேட்லாக் போட்டு பிராட்காஸ்ட் அனுப்பினா போதுமாடி?" என்று கேட்டாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே இரண்டு வருடமாக விற்கிறேன். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

வியாழன் மாலை பிராட்காஸ்ட் போகும். வெள்ளி இரவு 8 மணியோடு ஆர்டர் முடியும். சனி விடியலில் துறைமுகத்தில் இறால் வாங்கி, அன்றே கிளறி, ஞாயிறு காலை கொடுத்துவிடுவேன். முதல் ஆறு மாதம் 180 பேருக்கு அனுப்பியும் ஆர்டர் பத்தைத் தாண்டவில்லை. விலைதான் காரணம் என்று நினைத்துக் குறைத்தேன், நஷ்டம்தான் மிச்சம்.

ஒருநாள் செம்மண்டலத்து டீச்சரக்கா, "ஏம்மா, எனக்கு மட்டும் லிஸ்ட் அனுப்பறதே இல்ல?" என்றார். லிஸ்ட்டில் அவர் பெயர் இருந்தது. தனியாக ஒரு வணக்கம் அனுப்பினேன், உடனே இரண்டு டிக். முந்தின நாள் பிராட்காஸ்ட்டை அழுத்திப் பிடித்து Info பார்த்தேன். போய்ச் சேர்ந்தவர்களில் அவர் இல்லை. அவர் என் நம்பரைச் சேமிக்கவே இல்லை! நம் நம்பரைச் சேமித்தவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும். அன்றைக்குப் போய்ச் சேர்ந்தது 71 பேருக்கு. போன் அணைந்திருந்தாலும் போகாதுதான், அதனால் ஒருநாள் விட்டு மறுபடி பார்த்தேன். இரண்டு பேர் கூடினார்கள், அவ்வளவே. லிஸ்ட் உருவாக்கும்போதே இதை அந்த ஆப் ஒரு வரியில் சொல்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. ஆறு மாத உழைப்பு, இன்னும் ஆறவில்லை.

இப்போது ஜாடி மூடியில் ஒரு சீட்டு ஒட்டுகிறேன்: "இந்த நம்பரைச் சேமித்தால்தான் வார லிஸ்ட் வரும்." ஜாடியைக் கையில் கொடுக்கும்போதே, "அக்கா, இப்பவே சேவ் பண்ணிடுங்க" என்று நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான் என்ற வரம்பு எனக்கு இதுவரை இடிக்கவில்லை. சைவக்காரர்களுக்கு வேறு லிஸ்ட். புரட்டாசியில் அது பெரிய நிம்மதி.

கேட்லாக்கைக் குறை சொல்ல மனசு வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, நாட்டுப்படகு இறால் விலை கைக்கு எட்டாது. அந்த 61 நாளும் இறால் தொக்கை அழிக்காமல் மறைத்து வைத்துவிடுவேன். படமும் விவரமும் அப்படியே இருக்கும். தடை முடிந்ததும் மறைத்ததை எடுத்து, புது விலை போட்டால் சரி. இடையில் பண்ருட்டி முந்திரிப் பொடி முன்னால் நிற்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் தோழிக்கு நான் சொன்னது: கேட்லாக்கை இப்போது தொடாதே. முதலில் நூறு பேர் போனில் உன் பெயர் ஏறட்டும்.