அதுக்கு முன்னாடி எங்க இருப்பீங்க?

இந்த முறை சென்னைப் பயணத்தில் வங்கி வேலை முடிந்தது, வரி வேலை முடிந்தது, பெருங்குடிப் பக்கம் வாங்கியிருக்கும் ஃப்ளாட்டின் பேப்பர் வேலையும் ஒருவழியாக முடிந்தது. அதையெல்லாம் எழுதப் போவதில்லை. எழுத வேண்டியது, ஒரே ஊரில் இரண்டு ஆபீஸ்கள் எனக்கு நேரம் ஒதுக்கிய விதத்தைப் பற்றித்தான். ஒன்று என் பொறுமையைச் சோதித்தது. இன்னொன்றின் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

முதலில் பில்டர் ஆபீஸ். பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடியில். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் முன்பே மெயில் போட்டு, அன்று காலை பத்தரைக்கு டி.நகரில் வங்கி வேலை இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். பதிலுக்கு ஒரு லிங்க் வந்தது. திறந்தால் அரை மணிக்கு ஒன்றாக ஸ்லாட்கள். 11.30 இருக்கிறது, 12 இருக்கிறது, அதன் பிறகு அன்றைக்கு எதுவும் இல்லை. டி.நகரிலிருந்து அந்த நேரத்துக்குள் வர முடியாது, மாலையில் தாருங்கள் என்று போன் செய்தேன். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சார், பத்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மேப்ல பார்த்தேன், அரை மணி காட்டுது. பன்னிரண்டு மணி தாராளமா போதும்" என்றார். அவர் வாட்ஸப்பில் அனுப்பிய படத்தின் மூலையில் போன் கடிகாரம் இரவு 10.50 என்று காட்டியது.

கோளாறு அங்கேதான். மேப்பைத் திறந்ததும் அது காட்டுவது அந்த நிமிடத்தின் போக்குவரத்து. இரவு பதினொன்றுக்கு டி.நகரிலிருந்து பெருங்குடிக்கு அரை மணி என்பது உண்மைதான், ஆனால் இரவு பதினொன்றுக்கு யாருக்கும் அங்கே வேலை இல்லை. அதே கூகுள் மேப்பில் கிளம்பும் நேரத்தையோ போய்ச் சேர வேண்டிய நேரத்தையோ நாமே குறித்துக் கேட்கலாம். நாளையும் மணியும் கொடுத்தால் ஒற்றை எண் வராது, 'இத்தனை நிமிடத்திலிருந்து இத்தனை வரை' என்று ஒரு வரம்பு வரும். நான் பகல் 11.15 என்று குறித்துப் பார்த்தபோது ஐம்பது நிமிடத்திலிருந்து ஒன்றேகால் மணி வரை என்று வந்தது. சென்னையில் ஒருவருக்கு நேரம் சொல்வதென்றால் அந்தப் பெரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அதையும் எடுத்துச் சொன்னேன். "ஸ்லாட் சிஸ்டம்தான் சார் கொடுக்குது" என்றார்.

மேப் கணக்கில் வராதவை வேறு இருக்கின்றன. அன்றைக்கு ஆப்பில் ஆட்டோ கிடைத்து, அது உஸ்மான் ரோட்டை விட்டு நகர்வதற்கே கால் மணி போய்விட்டது. மத்திய கைலாஷ் தாண்டி ஓ.எம்.ஆர். பிடித்தால் மெட்ரோ வேலைக்காக நடுவில் தடுப்பு கட்டி சாலையைச் சுருக்கியிருக்கிறார்கள். எஸ்.ஆர்.பி. டூல்ஸ் பக்கத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு கம்பெனி பஸ்ஸும் தண்ணி லாரியும் ஒன்றை ஒன்று விடாமல் நிற்க, டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டார். பில்டர் ஆபீஸின் கண்ணாடிக் கட்டடம் வலது பக்கம் எதிரிலேயே தெரிகிறது. ஆனால் தடுப்பைத் தாண்ட வழியில்லை. மேப்பில் யூ டர்ன் என்று காட்டிய இடத்தை மூடியிருந்தார்கள், அடுத்தது இன்னும் தள்ளி. வேலை நகர நகர இந்தத் திருப்பங்களும் இடம் மாறுகின்றன, மேப் கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்துகொள்கிறது. போய் இறங்கினால் கேட்டில் ரெஜிஸ்டரில் பெயர் எழுதி, போட்டோ எடுத்து, பாஸ் வாங்கி, லிஃப்டுக்கு நின்று, மேலே ரிசப்ஷனை அடையும்போது மணி 12.45. எனக்காக இருந்தவர் சைட்டுக்குக் கிளம்பிவிட்டார். "அடுத்த வாரம் பார்க்கலாமா சார்?"

லீவு போட்டு விமானம் ஏறி வந்தவனிடம் அடுத்த வாரம் என்று அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்கு ரயிலில் அரை மணி என்றால் காலையிலும் அரை மணிதான், மாலையிலும் அரை மணிதான். அங்கே அடுத்தடுத்து ஸ்லாட் கொடுக்கும் லிங்க் சரிப்பட்டு வரும், ஏனென்றால் தூரத்தைச் சொன்னாலே நேரத்தைச் சொன்ன மாதிரி. அதே லிங்க்கை இங்கே கொண்டுவந்து வைத்தால், ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் இரண்டு ஸ்லாட்டுக்கும் நடுவே தூரம் இல்லை. வருபவருக்கு நடுவில் ஒரு ஊரே இருக்கிறது.

இனி ஆடிட்டர் ஆபீஸ். மயிலாப்பூரில் லஸ் முனைக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில். போன் எடுத்தது அங்கே பல வருடமாக வேலை பார்க்கும் ஒரு அக்கா. நான் பெயர் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அன்னிக்கு வேற எங்கெல்லாம் போகணும்? இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க இருப்பீங்க?" இந்த ஊரில் இத்தனை நாளில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. மறுபடி வங்கி, மறுபடி பில்டர், தங்கியிருப்பது குரோம்பேட்டையில் தங்கை வீட்டில் என்று சொன்னேன். "கார்ல சுத்தப் போறீங்களா, ஆட்டோவா, ட்ரெயின்ல ஏறுவீங்களா?" ஏறுவேன் என்றேன். "அப்போ நான் சொல்றபடி வச்சுக்குங்க, எழுதிக்கிறீங்களா" என்றார்.

அவர் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன், யாருக்காவது உதவும். நாள் வியாழக்கிழமை. காலையில் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் மாம்பலம் அரை மணிக்குள். ஜி.எஸ்.டி. ரோடும் கத்திப்பாராவும் எப்படி இருந்தாலும் நமக்குக் கவலை இல்லை. ரங்கநாதன் தெரு வழியாக நடந்தால் பத்தரைக்கு வங்கியில் இருக்கலாம். "பத்தரைன்னா மேனேஜர் உங்களைக் கூப்பிட பதினொண்ணு ஆகும், நீங்க வெளிய வர பதினொண்ணே முக்கால்னு வச்சுக்குங்க. அங்கிருந்து லஸ்ஸுக்குக் கிட்டதான், ஆனா இங்கயும் மெட்ரோவுக்காக வழியெல்லாம் மாத்தி விட்டிருக்கான், முக்கால் மணி போடுங்க. நான் பன்னிரண்டரைக்கு உங்களை எழுதிக்கிறேன். முனையிலயே இறங்கி நடந்து வந்துடுங்க, ஆட்டோவை உள்ள திருப்பச் சொன்னா இன்னும் கால் மணி."

ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம். ஒன்றரைக்குச் சாப்பாடு, அரை மணி. அந்த அரை மணியைச் சும்மா போடவில்லை என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. வங்கியில் இழுத்தால் அதை விழுங்கிக்கொள்ள இடம் வேண்டும், அந்த இடம் கண்டிப்பாகப் போயாக வேண்டிய சந்திப்புக்கு முன்னால் இருக்க வேண்டும். சந்திப்புக்குச் சந்திப்பு பத்துப் பத்து நிமிடமாகத் தூவினால் எதற்கும் போதாது.

இரண்டு மணிக்குப் பெருங்குடிக்குக் கிளம்ப வேண்டும், சாலையில் இல்லை. லஸ் முனையிலேயே திருமயிலை ஸ்டேஷன் இருக்கிறது. பறக்கும் ரயிலில் அங்கிருந்து பெருங்குடிக்கு இருபது நிமிடம் போல. பகலில் வண்டி அடிக்கடி வராது, அதனால் காத்திருக்க இன்னொரு இருபது. இறங்கி ஓ.எம்.ஆருக்கு ஆட்டோவில் கால் மணி, கேட்டுக்கும் லிஃப்டுக்கும் கால் மணி. கூட்டினால் ஒரு மணி பத்து நிமிடம். "பில்டர்கிட்ட மூணேகால்னு சொல்லாதீங்க, மூணுலருந்து மூணரைக்குள்ள வரேன், ட்ரெயின் ஏறினதும் போன் பண்றேன்னு சொல்லுங்க. வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரையிலருந்து மூணு. மூணுக்கு மேல கையெழுத்துன்னா உங்க வீட்லயும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நாலரைக்குள்ள அந்த ரோட்டை விட்டு வெளிய வந்துடுங்க, அதுக்கு மேல ஐ.டி. கம்பெனிக்காரங்க எல்லாம் இறங்கிடுவாங்க." ராகு காலத்தை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆனால் என் தங்கை பார்க்கிறாள், அவளும் ஃப்ளாட்டில் பங்குதாரர். அதை என்னிடம் கேட்காமலே அந்த அக்கா கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பில்டரிடம் லிங்க்கை விட்டுவிட்டு மேலாளரைப் பிடித்து இதே வார்த்தைகளில் கேட்டேன், 'மூன்றிலிருந்து மூன்றரை' உடனே கிடைத்தது. ஸ்லாட் சிஸ்டத்துக்கு வெளியே மாலை நேரம் எப்போதும் இருந்திருக்கிறது.

வியாழக்கிழமை வங்கியில் இழுக்கத்தான் செய்தது. கையெழுத்து மாதிரி பொருந்தவில்லை என்று புது ஃபாரம் கொடுத்தார்கள், வெளியே வரும்போது 12.05. ஆடிட்டர் மாடிப்படி ஏறும்போது 12.50. அக்கா நிமிர்ந்து பார்த்து, "வாங்க, உங்களுக்கு அடுத்தவரை ஒன்றரைக்கு வரச் சொல்லிட்டேன்" என்றார். வேலை 1.45-க்கு முடிந்தது. சாப்பாடு கால் மணியில், வாழை இலையின் ஓரத்து அப்பளத்தைக்கூட முழுசாகத் தின்னாமல். திருமயிலையில் கொஞ்ச நேரம் நின்றேன், வண்டி வந்தது, கோட்டூர்புரம் ஆற்றைத் தாண்டும்போது ஜன்னலோரத்தில் நின்று காற்று வாங்கினேன். படிக்கிற காலத்தில் காலியாக ஓடும் என்று எல்லாரும் குறை சொன்ன ரயில் இது. பெருங்குடியில் ஆட்டோ, அதே கேட், அதே ரெஜிஸ்டர். பில்டர் முன்னால் உட்காரும்போது 3.15. நாலேகாலுக்கு வெளியே வந்துவிட்டேன், தொரைப்பாக்கம் வழியாகப் பல்லாவரம் ரேடியல் ரோட்டில் கூட்டம் சேரும் முன்பே தங்கை வீடு.

இந்தக் கணக்கு செல்லாத இடமும் உண்டு. பத்திரப்பதிவு அலுவலகம் மாதிரி டோக்கன் நேரம் போட்டுக் கொடுக்கும் இடத்தில் 'மூன்றிலிருந்து மூன்றரை' என்று பேச முடியாது. அந்த மாதிரி ஒன்று இருந்தால் அதை முதலில் குறித்துவிட்டு, மற்றவர்களிடம் அதற்கு முன்னும் பின்னும்தான் கேட்க வேண்டும், முடிந்தால் அதே பேட்டையில். மழைக்கும் இந்த எண்கள் பொருந்தாது. மேப் காட்டும் வரம்பு வழக்கமான நாட்களை வைத்துச் சொல்வது, வேளச்சேரியில் தண்ணீர் நிற்கும் நாளை அது முன்கூட்டி அறியாது.

சாவி டிசம்பரில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் காலை 9.30-க்கு. மழைக்காலம், அதிலும் ரேடியல் ரோட்டில் எல்லாரும் ஆபீஸ் போகும் நேரம். பகல் ஒன்றுக்கு மேல் மூன்றுக்குள் ஒரு நேரமும், மழை பெய்தால் மறுநாள் அதே நேரமும் வேண்டும் என்று மெயில் அனுப்பியிருக்கிறேன். இரண்டும் எழுத்தில் வந்த பிறகுதான் டிக்கெட் போடுவேன்.