வீடு மாறுகிறவளுக்கு எதைக் கொடுப்பது: தேயிலையா, கித்துளா, சோறா, காஸா?

ஹட்டனில் இருக்கும் என் தோழிக்கு மார்ச் மாதம் பண்டாரவளைக்கு மாற்றல் வந்தது. அவளும் அம்மாவும் மட்டும்தான். வீட்டில் இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு குளிர்சாதனப் பெட்டி, கொஞ்சம் பாத்திரம். சுவரில் ஒரு காலண்டர்கூடக் கிடையாது. விஷயத்தைச் சொன்ன கையோடு எச்சரிக்கையும் விட்டாள்: "ஒண்ணும் வாங்கிட்டு வராதடி. வாங்கினா அதையும் நான்தான் கட்டணும்."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் பதினாறு வருஷப் பழக்கம். வெறுங்கையோடு போய் நிற்க மனசு வரவில்லை. சாப்பிட்டோ குடித்தோ எரித்தோ தீர்ந்துபோகிற பொருளாகப் பார்ப்போம் என்று முடிவுசெய்தேன். யோசிக்க யோசிக்க ஒரு விஷயம் பிடிபட்டது. வீடு மாறுகிறவளுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதைவிட எந்த நாளில் கொடுக்கிறோம் என்பதுதான் பெரிது. வேறொரு நாளில் கொடுத்தால் நல்ல பரிசு, லொறி வரும் காலையில் கொடுத்தால் தலைவலி என்று ஒரே பொருளுக்கு இரண்டு முகம் இருக்கிறது. அதனால் என் மனசில் இருந்த நான்கையும் நாளோடு சேர்த்தே எடைபோட்டேன்.

முதலில் கித்துள். மலைநாட்டில் பரிசென்றால் கை தானாகப் போவது பாணிப் போத்தலுக்குத்தான். எனக்கு அதில் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் இடம் மாறிப்போன ஒரு உறவுக்காரருக்கு ஒரு போத்தல் கொடுத்தேன். மலைப்பாதை வளைவுகளில் லொறி ஆடிய ஆட்டத்தில் மூடி இளகி, போத்தல் தலையணைக் கட்டுக்குள் கவிழ்ந்துவிட்டது. பாணி நன்றாகக் காய்ச்சப்படாததும் ஒரு காரணம். தண்ணீர்ப்பதம் மிஞ்சிய பாணி போத்தலுக்குள்ளேயே புளிக்கத் தொடங்கும். வாயு சேர்ந்து மூடியை மேலே தள்ளும். வாங்கும்போதே போத்தலின் கழுத்தைப் பாருங்கள். அங்கே மெல்லிய நுரை வளையம் நின்றால், திறக்கும்போது புஸ் என்று சத்தம் வந்தால், அது புளிக்க ஆரம்பித்துவிட்டது. போத்தலைச் சாய்த்தால் தண்ணீர்போல ஓடக்கூடாது, சோம்பலாக இறங்க வேண்டும்.

பாணியைவிடக் கருப்பட்டி எவ்வளவோ மேல். சிரட்டையில் ஊற்றி எடுத்த அரை உருண்டை. உடையாது, கொட்டாது. சுற்றியிருக்கும் இலையைக் குப்பையில் போட்டால் எதுவும் மிஞ்சாது. பல்லில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு சீனி போடாத தேத்தண்ணி குடிப்பது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான், அதனால் வீணாகவும் போகாது. அதன் எதிரி ஈரம். ஹட்டன் பனியில் நான்கு நாள் திறந்து கிடந்தால் வியர்த்துப் பிசுபிசுக்கும், பிறகு வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். கலப்படமும் உண்டு. சீனி கலந்தது கல்லுமாதிரி இறுகி, உடைத்த இடத்தில் பளபளக்கும். நல்ல கித்துள் விரலால் அழுத்தினால் உதிரும். புகைவாசமும் கடைசியில் லேசான கசப்பும் இருக்கும். இந்த அடையாளம்கூட ஓரளவுக்குத்தான். தெரிந்த ஆளிடம் வாங்குவதுதான் உறுதி.

அடுத்து காஸ். சிரிக்காதீர்கள். 2022ல் வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற யாருக்கும் இது சிரிப்பாக இருக்காது. தீர்ந்துபோகிற பொருள்களில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. கடைசிவரை எரிந்து முடியும், புதுப் பொருளாக வீட்டுக்குள் எதுவும் வராது. ஆனால் லொறி ஏறும் முன் நிரப்பிக் கொடுப்பதில் அர்த்தமில்லை. நிரம்பிய 12.5 கிலோ சிலிண்டர் இரும்போடு சேர்ந்து நல்ல பாரம். ரெகுலேட்டரைக் கழற்றி, படுக்கவைக்காமல் நிமிர்த்திக் கட்டிக்கொண்டு போக வேண்டும். மாறும்போது அது எவ்வளவு காலியோ அவ்வளவு நல்லது. போன பிறகு கொடுப்பதென்றால் அங்குள்ள கடையில் மாற்றித்தர ஆள் வேண்டும். கையில் எந்த நிறுவனத்துச் சிலிண்டர் இருக்கிறதோ அந்த நிறுவனத்து முகவரிடம்தான் மாற்ற முடியும். நீலத்தைக் கொடுத்து மஞ்சளை வாங்க முடியாது. எனக்குப் பண்டாரவளையில் அப்படி ஆள் இல்லை. காசாகக் கொடுக்கலாம்தான், ஆனால் "இந்தா, காஸுக்கு வச்சுக்கோ" என்று எங்களுக்குள் நீட்டினால் அது பரிசாக இருக்காது. அக்கா தங்கைக்குள் என்றால் சரி.

ஸ்ட்ரோபரி ஜாம், வாசனை மெழுகுவர்த்தி, சவர்க்காரப் பெட்டி ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலாவதில் கண்ணாடிப் போத்தல் மிஞ்சும், இரண்டாவதில் கிண்ணம் மிஞ்சும், மூன்றாவதில் அவளுக்குப் பிடிக்காத வாசம் மிஞ்சும். எருமைத் தயிரும் அப்படித்தான். தயிர் ஒரு நாளில் முடியும், சட்டி பத்து வருஷம் இருக்கும். தவிர, குளிர்சாதனப் பெட்டியை இறக்கிவைத்த உடனே போடக்கூடாது. ஆடி அசைந்து வந்ததைச் சில மணிநேரம் நிமிர்த்தி வைத்திருந்துதான் போடுவார்கள், படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் இன்னும் கூடுதலாக. ஆகவே முதல் ராத்திரி குளிர்ப்பெட்டி இல்லாத ராத்திரி. பால், சீஸ், பட்டர் எதுவும் அந்த நாளுக்கு ஆகாது. புதுவீட்டில் பால் காய்ச்சுவதற்குக்கூட மூட்டை கட்டும்போதே சின்னப் பெட்டிப் பால் ஒன்று கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அது திறக்கும்வரை வெளியிலேயே இருக்கும்.

இனி இரண்டுதான் மிச்சம்: சாப்பாடும் தேயிலையும்.

சாப்பாட்டுப் பார்சல் லொறி வரும் நாளுக்கானது. அன்றைக்குக் காலையில் அடுப்பு கழற்றியாகிவிட்டது, பாத்திரம் மூட்டைக்குள். சாமான் ஏற்ற வந்த இரண்டு பேர், டிரைவர், இவர்கள் இரண்டு பேர் என்று ஐந்து வயிறு. ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை வழியாகப் போனால் சாமானோடு அரை நாள் ஓடும். கடையில் நிறுத்தலாம், ஆனால் சாமானை யார் பார்ப்பது? நான் யோசித்தது ரொட்டியும் கட்டச்சம்பலும். ஒரு கிலோ கோதுமை மாவுக்கு ஒரு தேங்காய் துருவிப் போட்டால் பதினைந்து ரொட்டி வரும். ஆளுக்கு மூன்று. தேங்காய் மாவோடு சேர்ந்து கல்லில் வேகுவதால் சாயந்தரம்வரை தாங்கும். பச்சையாக அரைத்த தேங்காய்ச் சம்பல் அப்படி இல்லை. வெயிலில் லொறிக்குள் மூடிக் கிடந்தால் மதியத்துக்குள் நூல்விடும். தேங்காய்ப்பால் ஊற்றிய கறிக்கும் அதே கதி. கட்டச்சம்பலில் தேங்காயே இல்லை. வெங்காயம், செத்தல் மிளகாய், உப்பு, மாசி, தேசிக்காய்ப்புளி மட்டும்தான். கூட உருளைக்கிழங்கு வதக்கல் இருந்தால் போதும். ரொட்டியைச் சூட்டோடு கட்டிவிடக்கூடாது. ஆவி உள்ளேயே தண்ணீராகி ரொட்டி ஊறிவிடும். துணியில் பரப்பி ஆறவிட்டு, வாட்டின வாழையிலையில் சுற்றி, மேலே பேப்பர்.

முக்கியமானது பாத்திரம். டிபன் கெரியரில் கொண்டுபோய்விடாதீர்கள். அதை அவள் கழுவ வேண்டும், பத்திரமாக வைக்க வேண்டும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அவள் அம்மா எதையாவது போட்டு அனுப்பவும் வேண்டும். இலையும் பேப்பரும் என்றால் வழியிலேயே கதை முடிந்தது.

சாப்பாட்டின் குறை, அது அந்த ஒரு நாளுக்குள் முடிந்துபோவது. தேயிலை அதற்கு நேர்மாறு, போன பிறகுதான் அதன் வேலையே தொடங்குகிறது. ஹட்டன்காரிக்குத் தேயிலை கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நல்ல இலையெல்லாம் கப்பல் ஏறிப்போக, நாங்கள் குடித்து வளர்ந்தது பெரும்பாலும் தூள்தான். இன்னொன்று, ஹட்டன் இருப்பது திம்புள்ளப் பக்கம், பண்டாரவளை இருப்பது ஊவாவில். திம்புள்ளயில் வறண்ட காற்று அடித்து நல்ல கொழுந்து வருவது ஜனவரி முதல் மார்ச்வரை. ஊவாவுக்கு அது ஜூலை முதல் செப்டெம்பர்வரை. ஊவாத் தேயிலையில் அந்தக் காலத்தில் ஒரு குளிர்ச்சியான, புதினா மாதிரி வாசம் ஏறும். அவள் மார்ச்சில் போகிறாள். தன் ஊர்த் தேயிலை அதன் நல்ல பருவத்தில் இருக்கும்போது புறப்படுகிறாள். ஊவாவுக்குப் பருவம் வர இன்னும் நான்கு மாதம். இந்த இடைவெளிக்கு ஒரு பொதி கொடுத்தால் என்ன?

அளவு கணக்குப் பார்த்தேன். பால் தேத்தண்ணிக்குக் கோப்பைக்கு இரண்டரை கிராம் பிடிக்கும். 200 கிராமில் எண்பது கோப்பை. இரண்டு பேரும் நாளைக்கு இரண்டு தரம் குடித்தால் இருபது நாள். அதற்கு மேல் கொடுத்தால் அது சேமிப்பாகிவிடும், அவளுக்குச் சேமிப்பு என்ற சொல்லே பிடிக்காது. வகையில் பி.ஓ.பி.எஃப். எடுத்தேன். பி.ஓ.பி. கொஞ்சம் பெரிய உடைசல், பால் ஊற்றாமல் குடிப்பவர்களுக்கு நல்லது. பி.ஓ.பி.எஃப். அதைவிடப் பொடி, சாயம் சீக்கிரம் இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும். அவள் அம்மாவுக்குப் பால் இல்லாமல் தேத்தண்ணி இறங்காது.

கடையில் அழகான தகரப் பெட்டி ஒன்றைக் காட்டினார்கள், யானைப் படம் போட்டது. வேண்டாம் என்று உள்ளே வெள்ளித்தாள் வைத்த பை கேட்டேன். தேயிலை ஈரத்தையும் வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். மூட்டை கட்டும்போது அதைச் சவர்க்காரத்தோடோ கருவாட்டோடோ போட்டால் முதல் கோப்பையிலேயே தெரியும். பை ஒட்டியே இருந்தாலும் லொறியில் ஏற்றாமல் அவள் கைப்பையில் வைக்கச் சொன்னேன். போய் இறங்கியதும் முதலில் தேடப்போவது அதைத்தானே.

கடைசியில் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரொட்டிப் பொதியும் தேயிலைப் பையும் என்று இரண்டையும் கொண்டுபோனேன். ஒன்றை மட்டும்தான் கொடுக்கலாம் என்றிருந்தால் ரொட்டியைத்தான் எடுத்திருப்பேன். தேயிலையைத் தபாலிலும் அனுப்பலாம், ரொட்டிக்கு அந்தக் காலை ஒன்றுதான். கருப்பட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஏற்கெனவே இரண்டு சிரட்டை அவள் அம்மாவின் பையில் இருந்ததாகப் பிறகு தெரியவந்தது.

மூன்று வாரம் கழித்து அழைத்தாள். வீடு பரவாயில்லையாம், தண்ணீர்தான் காலையில் மட்டும் வருகிறதாம். டிரைவர் ஐந்து ரொட்டி சாப்பிட்டதாகவும், அவளுக்கு ஒன்றுதான் மிஞ்சியதாகவும் குறைபட்டாள். "அப்புறம், உன் தேயிலை நேத்தோட முடிஞ்சிருச்சு. பையையும் தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள்.