மூன்று ரமலான், மூன்று நேர வலயங்கள்: பதிவுகளை நேரம் குறித்து வெளியிட்ட அனுபவம்

ரமலான் மாதத்தில் நாளுக்கு ஒரு ஆறு நிமிடக் குர்ஆன் விளக்கக் காணொளி வெளியிடுகிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூர், துபாய், லண்டன் ஆகிய மூன்று நகரங்களில் வாழும் தமிழ் முஸ்லிம்கள். காணொளி யூடியூபில் ஒரே முறைதான் வெளியாகும். அதை நினைவூட்டும் செய்தியை மட்டும் டெலிகிராமில் ஊருக்கு ஒன்றாக மூன்று சேனல்களில் தனித்தனி நேரத்தில் அனுப்புகிறேன். 2023, 2024, 2025 ஆகிய மூன்று நோன்புக் காலங்களில் இந்த ஏற்பாட்டில் எது நின்றது, எது உடைந்தது என்பதை எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைத் தேர்ந்த கதை. மஃரிபுக்குச் சற்று முன் அனுப்பினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அது தவறு. கடைசி இருபது நிமிடங்கள் துஆவுக்கும் சமையலறைக்கும் உரியவை. அப்போது வரும் அறிவிப்பை விரலால் தள்ளிவிடுகிறார்கள். பல நேரங்களில் அனுப்பிப் பார்த்ததில், நோன்பு திறக்க 75 நிமிடம் இருக்கும்போது அனுப்பியதே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. அமீரகத்தில் ரமலானில் வேலை நேரம் இரண்டு மணி குறைவதால் துபாயில் பலர் அப்போது வீடு திரும்பியிருப்பார்கள்.

யூடியூப் ஸ்டூடியோ காட்டும் ‘பார்வையாளர்கள் எப்போது இணைப்பில் இருக்கிறார்கள்’ என்ற வரைபடத்தை நம்பி நேரம் குறித்ததும் என் பிழைதான். அது கடந்த 28 நாட்களின் கணக்கு. ரமலானின் முதல் வாரத்தில் அதைப் பார்த்தால் தெரிவது பெரும்பாலும் ஷஅபான் மாதத்துப் பழக்கம். அந்த நேரங்களும் நான் இருக்கும் ஊரின் நேரத்தில் காட்டப்படுபவை. ஊருக்கு ஊர் பிரித்துத் தருவதில்லை.

இனி முக்கியமான கோளாறுக்கு வருகிறேன். 2023இல் லண்டன் சேனலுக்கு ஒரு ஷெட்யூல் கருவியில் `Europe/London` என்று வலயத்தைத் தேர்ந்து, தினமும் மாலை 5.02 என்று போட்டு வைத்தேன். முதல் நோன்பு மார்ச் 23. அன்று லண்டனில் சூரியன் மறைந்தது சுமார் 6.17க்கு. கணக்கு சரி. ஆனால் மார்ச் 26 ஞாயிறு அதிகாலையில் பிரிட்டன் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. மஃரிப் 7.20ஐத் தாண்டிவிட்டது, என் செய்தியோ அதே 5.02க்கு, இரண்டேகால் மணி நேரம் முன்னதாகவே போய் நின்றது. திங்கட்கிழமை ஒரு சகோதரி எழுதினார்: “பாய், போன வாரம் உங்கள் பயானைக் கேட்டுக்கொண்டே நோன்பு திறக்க உட்கார்ந்தோம். இப்போது நான் வேலையில் இருக்கும்போதே வந்துவிடுகிறது.” கருவி சொன்னதைத்தான் செய்தது. சூரியனைப் பின்தொடர வேண்டிய செய்தியை நான் சுவர்க் கடிகாரத்தில் கட்டி வைத்திருந்தேன்.

அதனால் 2024இல் எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றினேன். நம் கடிகாரம் வருடம் முழுதும் நகர்வதில்லை. சூரியனும் நாளுக்கு ஓரிரு நிமிடம்தான் நகர்கிறது. ஆகவே மஃரிபை ஒட்டிய செய்திகள் கடிகாரம் மாறிய நாளிலும் தடுமாறவில்லை. ஆனால் ஜும்ஆ நினைவூட்டல் கெட்டது. பிரிட்டனில் பல பள்ளிவாசல்கள் ஜும்ஆவை ஒரு நிலையான நேரத்தில் வைக்கின்றன. என் சேனலில் பலர் செல்லும் பள்ளியில் 1.30. ஒரு மணி நேரம் முன்னதாக, 12.30க்குச் சேர வேண்டிய செய்தியை இந்திய நேரம் மாலை 6.00 என்று குறித்திருந்தேன். மார்ச் 31இல் அங்கே கடிகாரம் மாறியது. ஏப்ரல் 5, அந்த ரமலானின் கடைசி வெள்ளி. மாலை 6.00 என்பது அங்கே சரியாக 1.30 ஆகிவிட்டது. குத்பா தொடங்கும் நொடியில் வரிசையில் அமர்ந்திருந்தவர்களின் கைப்பேசிகள் ஒலித்தன. அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

2025 முதல் செய்திகளை இரண்டாகப் பிரித்து வைக்கிறேன். நோன்பு திறப்பதை ஒட்டியவை இந்திய நேரத்தில், நாளுக்கு ஒரு வரியாக, அட்டவணையிலிருந்து. ஜும்ஆவைப் போலக் கடிகாரத்தை ஒட்டியவை அந்தந்த ஊரின் நேரத்தில். லண்டனில் 2025 மார்ச் 29 அன்று மஃரிப் சுமார் 6.27, 75 நிமிடம் கழித்தால் 5.12; நமக்கு இரவு 10.42. மறுநாள் கடிகாரம் மாறி மஃரிப் 7.29; செய்தி 6.14க்கு, நமக்கு இரவு 10.44. அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தாவியது, என் அட்டவணையில் இரண்டே நிமிடம். சிங்கப்பூருக்கு இந்தக் கவலையே இல்லை. அங்கே மாதம் முழுதும் மஃரிப் ஆறேழு நிமிடத்துக்கு மேல் நகராது.

அட்டவணையை ஒரே கணக்குமுறையில் தயாரிப்பதும் கூடாது. மஃரிபில் பெரிய வேறுபாடு வராது. அஸரில் ஷாஃபி, ஹனஃபி கணக்குகளுக்கிடையே கணிசமான இடைவெளி உண்டு. ஃபஜ்ரில், குறிப்பாக லண்டன் போன்ற வடக்குப் பகுதிகளில், பள்ளிக்குப் பள்ளி நேரம் வேறுபடும். அதனால் ஸஹர் செய்தியில் நான் நேரத்தை எழுதுவதே இல்லை; ‘உங்கள் பள்ளிவாசல் அட்டவணைப்படி’ என்று மட்டும் எழுதுகிறேன். என் ஒரு வரியை நம்பி யாருடைய நோன்பும் கெட்டுவிடக் கூடாது.

சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் வழி கிடைத்தது, பிறைக்குக் கிடைக்கவில்லை. 2025 பெருநாள் வாழ்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். சவூதியிலும் அமீரகத்திலும் மார்ச் 30 ஞாயிறு. தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் 31 திங்கள். லண்டனில் சவூதி அறிவிப்பைப் பின்பற்றுவோர் ஞாயிறும், மற்றவர்கள் திங்களும் கொண்டாடினார்கள். ஒரே தெருவில் இரண்டு பெருநாள். போதாக்குறைக்கு, அந்த ஞாயிறுதான் அங்கே கடிகாரம் மாறிய நாள். ‘இன்று பெருநாள்’ என்று ஒரு காணொளியை நேரம் குறித்து வைத்திருந்தால் பாதிப் பேர் நோன்போடு அதைப் பார்த்திருப்பார்கள்.

ஆகவே நோன்புப் பெருநாளுக்கு நான் எதையும் ஷெட்யூல் செய்வதில்லை. காணொளியில் ‘இன்று’, ‘நாளை’ என்ற சொற்களே வராமல் பேசி, அதைப் பொதுப் பார்வைக்குத் திறக்காமல் வைத்திருப்பேன். மூன்று வாழ்த்துச் செய்திகளும் வரைவாகக் காத்திருக்கும். மார்ச் 29 இரவு துபாய்க்கு அறிவிப்பு வந்ததும் கையால் அனுப்பினேன். லண்டன் சேனலுக்கு ‘பெருநாள் காண்போருக்கும், இன்னும் ஒரு நோன்பு மீதமுள்ளோருக்கும்’ என்று இருவரையும் சேர்த்து எழுதினேன். சிங்கப்பூருக்கு மறுநாள் மாலை. இதற்கு விழித்திருக்கத்தான் வேண்டும். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் இந்த விஷயத்தில் எளிது. துல்ஹஜ் பிறை தெரிந்து பத்தாம் நாள்தான் பெருநாள் என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் அவகாசம் கிடைக்கிறது. 2025இல் சவூதியிலும் அமீரகத்திலும் ஜூன் 6, இங்கும் சிங்கப்பூரிலும் ஜூன் 7. இரண்டையும் முன்கூட்டியே குறித்து வைத்தேன், பிசகவில்லை. அரஃபா நோன்பு நினைவூட்டலில் மட்டும் கவனம் தேவை. உள்ளூர்ப் பிறை ஒன்பதில் நோற்பவர்களும் உண்டு, ஹாஜிகள் அரஃபாவில் நிற்கும் நாளில் நோற்பவர்களும் உண்டு.

2026 ரமலானுக்கான அட்டவணையில் லண்டன் வரிசை அமைதியாகவே இருக்கிறது. நோன்பு பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தொடங்கி மார்ச் 20 வாக்கில் முடிந்துவிடும். அங்கே கடிகாரம் மாறுவது மார்ச் 29. ஆனால் பெருநாளுக்குப் பின் ஷவ்வாலின் ஆறு நோன்புகளுக்கும் செய்தி அனுப்புகிறேன். பலர் அவற்றை மாதம் முழுதும் பரத்தி நோற்பதால், அந்த வரிசை 29ஆம் தேதியைத் தாண்டித்தான் போகும். அந்த வரிகளை இப்போதே சூரியன் பக்கத்துக்கு மாற்றி வைத்துவிட்டேன்.