பெட்டிங் கணக்கில் ஓடிபி, ஆத்தென்டிகேட்டர், பாஸ்வேர்டு மேனேஜர்: நாள்பட்ட பயன்பாட்டில் எது நிற்கிறது, எது சறுக்குகிறது

சென்னையில் இன்று பல பெட்டிங் கணக்குகள் தூங்கும் கணக்குகள். 2025 ஆகஸ்ட் 22-இல் ஆன்லைன் கேமிங் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்ததும் பெரிய நிறுவனங்கள் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நிறுத்தின. போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டோம், அதோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆப் போனாலும் கணக்கு போகாது. மிச்சப் பணம், பான், ஆதார், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன. சொந்தக்காரர் எட்டிப் பார்க்காத கணக்குதான் திருடனுக்கு வசதி.

எப்படித் திருடுகிறார்கள் என்பதற்குத் தெளிவான சான்று அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பல மாநிலங்களில் பெட்டிங் சட்டப்படி நடக்கிறது. 2022 நவம்பரில் டிராஃப்ட்கிங்ஸ் என்ற பெட்டிங் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் தாக்கப்பட்டபோது நிறுவனத்தின் சர்வரை யாரும் உடைக்கவில்லை. வேறு தளங்களில் கசிந்த மெயில், பாஸ்வேர்டு பட்டியலை எடுத்து வரிசையாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைத்திருந்தவர்களின் கதவு திறந்தது. அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் சொன்ன கணக்கு: சுமார் 60,000 கணக்குகளுக்குள் நுழைந்தார்கள், சுமார் 1,600 கணக்குகளிலிருந்து 6 லட்சம் டாலர் போனது. செய்முறை எளிது. புதிய பணப் பரிமாற்ற வழி ஒன்றைச் சேர்ப்பது, அது வேலை செய்கிறதா என்று பார்க்க 5 டாலர் போடுவது, பிறகு இருப்பதையெல்லாம் வழித்தெடுப்பது.

அதில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. அப்போது பணம் இழந்தவர்கள் பலர் சொன்னது: பாஸ்வேர்டை மாற்றிய கையோடு, பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபியும் கேட்கும் இரண்டடுக்கு லாகினைத் திருடனே தன் போன் எண்ணில் ஆன் செய்துவிட்டான். சொந்தக்காரர் காலியாக விட்டிருந்த கொக்கியில் அவன் தன் பூட்டை மாட்டினான். அதன் பிறகு உண்மையான ஆள் லாகின் செய்தால் ஓடிபி திருடனுக்குப் போகும். ஆகவே "என் கணக்கில் முந்நூறு ரூபாய்தானே இருக்கிறது" என்று இரண்டாம் அடுக்கை ஆஃபில் வைப்பது, அந்தக் கொக்கியை அவனுக்கென்று ஒதுக்கி வைப்பதுதான்.

முதலில் பாஸ்வேர்டு. ஒரு பெரிய எழுத்து, ஒரு குறி, ஒரு எண் வேண்டும் என்று தளம் கேட்டால் நம் ஊர்க் கை தானாக எழுதுவது Csk@2023, Thala@07 மாதிரிதான். தளத்தின் விதிக்கு இது பொருந்தும், உடைப்பவனின் விதிக்கும் பொருந்தும். பிரபலமான சொல், முதல் எழுத்து பெரியது, நடுவில் @, கடைசியில் ஆண்டு என்ற வரிசையைத்தான் உடைக்கும் மென்பொருள் முதலில் முயலும். இதற்கு நல்ல தீர்வு பாஸ்வேர்டு மேனேஜர் உருவாக்கித் தரும் 20 எழுத்துக் கலவை, தளத்துக்கு ஒன்று. மனதில் வைக்க வேண்டியவை இரண்டே: மேனேஜரின் பாஸ்வேர்டு, மெயிலின் பாஸ்வேர்டு. இந்த இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைக் கண்ணை மூடிப் பொறுக்கிக் கோத்தால் போதும். murungai-aani-thirai-kuthirai-padagu என்கிற மாதிரி. (இதையே எடுத்துக்கொள்ள வேண்டாம், எழுதிய நொடியில் இது பழையதாகிவிட்டது.) பாட்டு வரி, பழமொழி, சாமி பெயர் கூடாது. அவை தானாக நினைவுக்கு வருவதால்தான் உடைப்பவனுக்கும் நினைவுக்கு வருகின்றன.

பாஸ்வேர்டு மேனேஜரை நாள்பட வைத்துக்கொண்டால் எதிர்பாராத ஒரு லாபம் தெரியும். அது தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் பாஸ்வேர்டை நிரப்பும். லோகோ, நிறம், எழுத்து எல்லாம் அச்சு அசலாக இருந்தும் அது நிரப்ப மறுத்தால், போலிப் பக்கமோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். "இன்று என்னவோ வேலை செய்யவில்லை" என்று நாமே காப்பி செய்து ஒட்டுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. குறை என்று பார்த்தால், சில ஆப்கள் நீளமான பாஸ்வேர்டைப் பதிவின்போது சத்தமில்லாமல் வெட்டிவிடும், லாகினில் முழுசாகக் கேட்டுத் தவறு என்று சொல்லும். அதனால் மாற்றிய உடனே ஒரு முறை வெளியே வந்து திரும்ப உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து எஸ்எம்எஸ் ஓடிபி. தமிழ்நாட்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-இல் வந்த ஒழுங்குமுறை விதிகள் ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னதால், இங்கே பலருக்கு ஆதார், வங்கி, பெட்டிங் மூன்றும் ஒரே சிம்மில் தொங்குகின்றன. எஸ்எம்எஸ் எதுவும் இல்லாததற்கு ஆயிரம் மடங்கு மேல். பட்டியல் வைத்துப் போட்டுப் பார்ப்பவனை அது நிறுத்திவிடும். ஆனால் குறிவைத்து வருபவனை நிறுத்தாது. போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை நிறுவி எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்துவிட்டால், ஓடிபி நமக்கு வரும்போதே அவனுக்கும் போய்விடும். நம் எண்ணில் டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுவது இன்னொரு வழி. இதற்காகத்தான் புது சிம் கொடுத்த முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போக்குவரத்தை நிறுத்தி வைக்கும் விதி இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அதே நெட்வொர்க்கில் டவர் கிடைக்க, நம் போனில் மட்டும் வெகுநேரம் சிக்னலே இல்லையென்றால், காத்திருக்காமல் வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். அந்த ஒரு நாள்தான் நம் கையில் இருக்கும் அவகாசம்.

தளம் இடம் கொடுத்தால் ஆத்தென்டிகேட்டர் ஆப்தான் என் தேர்வு. கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி போனுக்குள் வருகிறது. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து 30 விநாடிக்கு ஒரு முறை ஆறு இலக்க எண் உருவாகிறது. சிம் வேண்டாம், நெட் வேண்டாம். நடுவில் பிடிக்க எஸ்எம்எஸ்ஸும் இல்லை. நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவதால், போன் கடிகாரத்தைக் கையால் திருத்தியவர்களுக்கு எண் சரியாகத் தெரிந்தும் தளம் ஏற்காது. தேதி, நேரத்தைத் தானியங்கியில் விட்டால் சரியாகிவிடும். போலிப் பக்கத்தில் நாமே அந்த எண்ணை அடித்துக் கொடுத்தால் மட்டும் இதுவும் காப்பாற்றாது. அந்த இடத்தில் காவல் நிற்பது மேலே சொன்ன நிரப்ப மறுக்கும் மேனேஜர்தான்.

இதை நெடுநாள் பயன்படுத்துவதில் உண்மையான தலைவலி போன் மாற்றும் நாள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்தபின் சாவி அதோடு போயிற்று என்று தெரியவரும். ஆட்டத்தை நிறுத்திவிட்ட நிறுவனத்தின் உதவி மையத்தில் அதை மீட்பது பெரும்பாடு. ஆகவே ஆன் செய்யும் அன்றே தளம் தரும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் விடக்கூடாது. கூகுள் ஆத்தென்டிகேட்டர் 2023 முதல் சாவிகளைக் கூகுள் கணக்கில் சேமிக்கும் வசதி தருகிறது. சௌகரியம்தான், ஆனால் ஜிமெயில் போனால் சாவியும் சேர்ந்து போகும். அந்த வசதியை வைத்துக்கொள்பவர் ஜிமெயிலின் பூட்டை எல்லாவற்றையும்விடப் பலமாகப் போட வேண்டும்.

இனி, கணக்கு கைமாறியது போலத் தோன்றினால் என்ன செய்வது. வேளச்சேரியில் ஒருவர் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மெயில் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தூங்கும் கணக்கிலிருந்து இரண்டு மெயில்: "புதிய சாதனத்தில் லாகின்", "வங்கிக் கணக்கு சேர்க்கப்பட்டது". இருப்பு 4,200 ரூபாய். உடனே பெட்டிங் ஆப்பைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றத்தான் கை போகும். மெயில் திருடன் கையில் இருந்தால் அந்த மாற்றம் பத்து நிமிடம்கூட நிற்காது. "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தி அவன் திரும்ப எடுத்துக்கொள்வான். அதனால் மெயில்தான் முதல்.

ஏபிகே எதையாவது நிறுவிய நினைவு இருந்தால் அந்தப் போனில் எதையும் தொடாமல் நெட்டை அணைத்துவிட்டு, வீட்டில் இன்னொருவரின் சுத்தமான சாதனத்தில் உட்கார வேண்டும். myaccount.google.com போய் பாஸ்வேர்டை மாற்றி, தெரியாத சாதனங்களை வெளியேற்றி, மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் தன்னுடையவைதானா என்று பார்க்க வேண்டும். பிறகு கணினி பிரவுசரில் ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறக்க வேண்டும். போன் ஆப்பில் ஃபில்டர் தெரியாது, அதனால்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். பெட்டிங் தளத்தின் மெயில் வந்தால் நேராகக் குப்பைக்குப் போ என்று ஒரு ஃபில்டர் அங்கே உட்கார்ந்திருந்தால், திருடன் மெயிலுக்குள் வந்து போயிருக்கிறான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அதன் பிறகு பெட்டிங் கணக்கு. புது பாஸ்வேர்டு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றம், பிறகு இரண்டடுக்கு லாகின். அது ஏற்கெனவே ஆனில் இருந்தால் எந்த எண், எந்த ஆப் என்று பார்த்து, நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். பழைய சாவியை அப்படியே விட்டால் அதன் நகல் அவனிடம் இருக்கலாம். சேர்க்கப்பட்ட வங்கிக் கணக்கை அழிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், புகாருக்கு அதுதான் முதல் ஆதாரம். உதவி மையத்துக்கு எழுதும்போது "ஹேக் ஆகிவிட்டது, உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால் நாலு நாள் கழித்துப் பொதுவான பதில் வரும். "கணக்கை முடக்குங்கள், நிலுவையில் உள்ள பணமெடுப்பை நிறுத்துங்கள், லாகின் ஐபி முகவரிகளையும் நேரத்தையும் பத்திரப்படுத்துங்கள்" என்று மூன்றையும் தனித்தனி வரியாகக் கேட்க வேண்டும்.

பணமெடுப்பு எதுவும் இல்லை என்று நிம்மதி அடையக்கூடாது. பெயர் ஒத்துப்போனால்தான் வங்கிக்குப் பணம் விடும் தளங்களில், ஆட்டங்கள் நடந்த காலத்தில் திருடன் வேறு வழி வைத்திருந்தான்: ரம்மி, போக்கர் மேசையில் தன் கூட்டாளியிடம் வேண்டுமென்றே தோற்பது. ஆட்ட வரலாற்றில் நாம் ஆடாத நாட்களில் ஒரே எதிராளியிடம் அடுத்தடுத்துத் தோல்வி தெரிந்தால் பணம் அப்படிப் போயிருக்கலாம்.

வங்கியிலிருந்தோ யுபிஐயிலிருந்தோ பணம் போயிருந்தால் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேச வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க முடிவது அந்த வேகத்தில்தான். தொகை, நேரம், 12 இலக்க யுபிஐ குறிப்பு எண் மூன்றும் கையில் இருக்கட்டும். பிறகு cybercrime.gov.in-இல் முழுப் புகார், வங்கிக்குத் தனியாக எழுத்துப் புகார். ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதிப்படி, தவறு நம்முடையதும் வங்கியுடையதும் இல்லாத நிலையில், வங்கி தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு நம் தலையில் விழாது. ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், சொல்லும் வரை போனது நம் இழப்பு. பெட்டிங் வாலட்டில் கிடந்த 4,200-க்கு இந்த விதி பொருந்தாது, அதற்கு நிறுவனமும் போலீஸும்தான்.

கடைசியாக ஒரு இடம், அதிகம் பேர் பார்க்காதது: வருமான வரித் தளத்தில் படிவம் 26AS. ஆன்லைன் ஆட்டத்தில் நிகர வெற்றிக்கு 2023 ஏப்ரலிலிருந்து 194BA பிரிவில் 30 சதவீத வரி பிடிக்கப்பட்டது. நாம் ஆடாத, பணமும் எடுக்காத ஆண்டில் நம் பானில் அப்படி ஒரு பதிவு இருந்தால், யாரோ நம் பெயரில் ஆடியிருக்கலாம். தேதியும் தொகையும் பிடித்தம் செய்த நிறுவனத்தின் பெயரும் அதே வரியில் இருக்கும். அதைத் தரவிறக்கிப் புகாரோடு இணைத்துவிட்டு, கணக்கை மூடி ஆவணங்களை அழிக்கச் சொல்லும் மெயிலை அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டே அனுப்பலாம்.