150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரி: சில வருடம் ஓடியபின் கிராம் கணக்கில் ஒரு பார்வை

வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கும் டியூபுலர் பேட்டரியின் மேல் 12 V, 150 Ah, C20 என்று அச்சிட்டிருக்கும். 7.5 ஆம்பியர் வீதம் இழுத்தால் 10.5 வோல்ட்டுக்கு இறங்க 20 மணி நேரம் ஆகும் என்பது அதன் பொருள். வாங்கிய புதிதில் இதை யாரும் சோதிப்பதில்லை. மூன்று நான்கு வருடம் கழித்து, கரண்ட் போன ஒன்றரை மணி நேரத்தில் ஃபேன் நின்றுவிடும்போதுதான் அந்த 150 எங்கே போனது என்ற கேள்வி வரும். விடை ஈயத்திலும் ஆசிட்டிலும் கிராம் கணக்காகவே இருக்கிறது.

கணக்குக்கு ஒரே சூத்திரம் போதும்.

```
Q (Ah) = n × 96485 × m / (3600 × M)
```

m என்பது வேதிவினையில் பங்கெடுக்கும் பொருளின் எடை, M அதன் மோல் நிறை, n ஒரு மோலுக்கு எத்தனை மோல் எலக்ட்ரான் என்பது. 96485-ஐ 3600-ஆல் வகுத்தால் 26.8 வரும்; அதாவது ஒரு மோல் எலக்ட்ரான் 26.8 ஆம்பியர்-மணி, சுருக்கமாக ஏ.எச். நெகடிவ் பிளேட்டில் ஈயம் ஒரு மோலுக்கு இரண்டு எலக்ட்ரான் விடுகிறது, ஆகவே 207.2 கிராமுக்கு 53.6 ஏ.எச். பாசிடிவில் ஈய டைஆக்சைடு இரண்டு வாங்குகிறது, 239.2 கிராமுக்கு அதே 53.6. அதே வினையில் 2 மோல், அதாவது 196.2 கிராம் கந்தக அமிலமும் தீர்கிறது. திருப்பிச் சொன்னால், ஒரு ஏ.எச். எடுக்க ஒவ்வொரு செல்லிலும் 3.87 கிராம் ஈயம், 4.46 கிராம் டைஆக்சைடு, 3.66 கிராம் ஆசிட் செலவாகும்.

இங்கே இரண்டு இடத்தில் பலர் சறுக்குவார்கள். பாசிடிவுக்கு 53.6, நெகடிவுக்கு 53.6 என்று கூட்டிவிடக் கூடாது. ஒன்று விட்ட எலக்ட்ரானைத்தான் மற்றது வாங்குகிறது. ஆறு செல்லையும் கூட்டி 900 ஏ.எச். என்பதும் தப்பு. செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் வோல்ட் மட்டும்தான் கூடும்.

150 ஏ.எச்.சுக்கு ஒரு செல்லில் 580 கிராம் ஈயம், 669 கிராம் டைஆக்சைடு, 549 கிராம் ஆசிட். ஆறு செல்லுக்கும் சேர்த்து 11 கிலோ கூட வராது. ஆனால் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பேட்டரி 50 கிலோவைத் தாண்டும். கரண்டைக் கடத்தும் ஈயத் தண்டும் கிரிடும் வினையில் சேராது. பிளேட்டில் அப்பியிருக்கும் பொருளிலும் ஏறக்குறைய பாதி தீர்வதற்குள் துளைகள் ஈய சல்ஃபேட்டால் அடைபட்டு வோல்ட் விழுந்துவிடும். ஆசிட்டில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். பழைய பிளேட்டை எடைபோட்டு சூத்திரத்தில் போட்டால் கிடைக்கும் எண் அதனால்தான் எப்போதும் பொய்யாகப் பெரிதாக இருக்கும்.

சேமித்த ஆற்றல் என்பது Q-வை வோல்ட்டால் பெருக்கியது. எந்த வோல்ட் என்பதில்தான் சிக்கல். ஆசிட் தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பதுதான் அதன் கிராவிட்டி. ஓய்வில் இருக்கும் செல்லின் வோல்ட், இந்த கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் கிட்டத்தட்ட வரும். முழு சார்ஜில் கிராவிட்டி 1.240 என்றால் 2.08, ஆறு செல்லுக்கு 12.48. மெதுவாக இழுத்தால் சராசரி 12 வோல்ட் என்று வைத்து 1800 வாட்-மணி எனலாம். அந்த 1800 வீட்டு பிளக்கில் கிடைக்காது. 400 வாட் லோடு போட்டால், இன்வெர்ட்டரின் இழப்பும் சேர்ந்து பேட்டரியிலிருந்து 41 அல்லது 42 ஆம்பியர் போகும். அப்போது ஒவ்வொரு செல்லும் மணிக்கு 150 கிராம் ஆசிட் கேட்கிறது. பிளேட்டின் துளைக்குள் அவ்வளவு வேகமாகப் புது ஆசிட் ஊறிப் போகாது. வெளியே ஆசிட் மிச்சமிருக்கும்போதே உள்ளே வறண்டு, இன்வெர்ட்டர் கட் ஆகிவிடும். இந்த லோடில் 100 ஏ.எச். அளவுதான் கிடைக்கும், நேரம் இரண்டேகால் முதல் இரண்டரை மணி. 1800-ஐ 400-ஆல் வகுத்து நாலரை மணி என்று எதிர்பார்ப்பவர் புது பேட்டரியையே பழுது என்பார். கட் ஆனபின் அரை மணி விட்டுப் பார்த்தால் வோல்ட் தானாக ஏறியிருக்கும். ஆசிட் மெல்ல உள்ளே போய்ச் சேர்ந்ததுதான் காரணம்.

பேட்டரிக்கு வயதாகும்போது, கிராவிட்டியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான் உண்மை சொல்லும். செல்லுக்கு 3 லிட்டர் ஆசிட் என்று வைப்போம். 1.240-இல் அதில் 1210 கிராம் அளவு கந்தக அமிலம் இருக்கும். 150 ஏ.எச். எடுத்தால் 549 கிராம் போய், 100 கிராம் தண்ணீர் புதிதாக உண்டாகும், கிராவிட்டி 1.140-க்கு இறங்கும். ஆகவே 0.010 இறக்கத்துக்கு 15 ஏ.எச். ஆசிட் அளவு வேறானால் இந்த எண்ணும் மாறும், கையேட்டில் லிட்டர் பார்த்துக்கொள்ளவும். 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிய கையோடு அளந்தால் மேலே மிதக்கும் தண்ணீரைத்தான் அளப்பீர்கள். குமிழி விடும் வரை ஒரு முழு சார்ஜ் போட்டபின் பாருங்கள்.

நாலு வருடம் ஆன பேட்டரி முழு சார்ஜிலும் 1.200-ஐத் தாண்டவில்லை என்போம். 0.040 குறைவு, 60 ஏ.எச்.சுக்கான ஆசிட். செல்லுக்கு 220 கிராம் ஆசிட் பிளேட்டில் சல்ஃபேட்டாகப் பூட்டிக்கிடக்கிறது; அந்த சல்ஃபேட்டின் எடை 680 கிராம். 7 ஆம்பியர் அளவில் நீண்ட சார்ஜ் கொடுத்து மணிக்கொரு முறை அளந்தால், அது இளகுகிறதா, இறுகிவிட்டதா என்று தெரியும். மூன்று முறை ஒரே எண் வந்தால் அதற்குமேல் ஏறாது. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.030 தாழ்ந்திருந்தால் பழுது அந்த செல்லில். குறையை மறைக்க ஆசிட் ஊற்றித் தருபவர்கள் உண்டு. எண் ஏறும், பேக்கப் ஏறாது. ஆசிட் வழிந்து போயிருந்தால் ஒழிய அது வேண்டாத வேலை.

இன்னொரு வகை உண்டு. முழு சார்ஜில் 1.240 சுத்தமாக வரும், ஆனால் பேக்கப் பாதிதான். குறைந்த லோடில் கட் ஆகும் வரை ஓட்டி, ஒரு மணி நேரம் விட்டு அளந்தால் 1.190-இலேயே நின்றிருக்கும். இறக்கம் 0.050, அதாவது 75 ஏ.எச். மட்டும். ஆசிட் தாராளமாக இருக்கிறது, அதோடு சேர வேண்டிய பிளேட் பொருள் இல்லை. பெரும்பாலும் பாசிடிவ் குழாய்க்குள் இருந்த டைஆக்சைடு இளகி உதிர்ந்திருக்கும். எந்த சார்ஜும் அதை மீட்காது.

தண்ணீர் செலவையும் இதே சூத்திரம் சொல்லும். தண்ணீர் பிரிவதற்கும் மோலுக்கு இரண்டு எலக்ட்ரான், ஆகவே ஒரு ஏ.எச். அதிக சார்ஜுக்கு செல்லுக்கு 0.336 கிராம், ஆறு செல்லுக்கு 2 கிராம். மூன்று மாதத்துக்கு 2 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் குடிக்கிறது என்றால், ஆவியானதை ஒதுக்கிப் பார்த்தால் 1000 ஏ.எச். குமிழியாகவே போயிருக்கிறது. நாளைக்கு 11 ஏ.எச்., மின்கட்டணத்தில் 150 வாட்-மணி. சார்ஜர் வோல்ட் அதிகமாக வைத்திருக்கலாம். இல்லையென்றால் பாசிடிவ் தண்டிலிருந்த ஆன்டிமனி கரைந்து நெகடிவ் பிளேட்டில் படிந்திருக்கும். வோல்ட்டைக் குறைத்தும் தண்ணீர் செலவு குறையவில்லை என்றால் இரண்டாவதுதான்.