தனித்தனி டி சோதனைகளா, டூக்கி முறையா?

ஐந்து குழுக்கள், குழுவுக்குப் பத்துப் பேர். எல்லாக் குழுக்களின் சராசரிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிடும் அனோவாவின் எஃப் சோதனை 5% மட்டத்தில் முக்கியத்துவம் காட்டிவிட்டது, அதாவது எல்லாச் சராசரிகளும் ஒன்றல்ல. சரி, எந்தக் குழு எதிலிருந்து வேறுபடுகிறது? மொத்தம் 10 ஜோடிகள்.

ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாக, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை செய்தால், உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் ஒவ்வொன்றிலும் வேறுபாடு இருப்பதாகத் தவறாகச் சொல்ல 5% வாய்ப்பு உண்டு. பத்தும் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஒரு தவறாவது நேரும் வாய்ப்பு 1 − 0.95^10, அதாவது சுமார் 40%. ஒரே சராசரி பல ஜோடிகளில் வருவதால் உண்மையான அளவு 29% அளவில் நிற்கும். அதுவும் அதிகம்தான்.

டூக்கி முறை, ஒரு தவறாவது நேரும் வாய்ப்புக்குப் பத்து ஜோடிகளுக்கும் சேர்த்தே 5% வரம்பு வைக்கிறது. குழுக்களுக்குள் உள்ள சராசரி வர்க்கம், அதாவது ஒரே குழுவுக்குள் மதிப்புகள் சிதறியிருக்கும் அளவு, 20 என்று வைப்போம். டி சோதனைக்குச் சராசரிகளின் வேறுபாடு 4.03 இருந்தால் போதும். டூக்கிக்குச் சுமார் 5.7 வேண்டும். 4.8 வேறுபாடு முதலாவதில் தேறும், இரண்டாவதில் தேறாது. 6.5 இரண்டிலும் தேறும்.

“எஃப் சோதனைதான் முன்பே காவல் காத்துவிட்டதே” என்பார்கள். ஒரு குழு மட்டும் வெகுவாக விலகியிருந்தாலே எஃப் தேறிவிடும். அப்புறம் ஒரே மாதிரியான மற்ற நான்கு குழுக்களின் ஆறு ஜோடிகளுக்கு எந்தக் காவலும் இல்லை; அங்கே தவறு வாய்ப்பு சுமார் 20%.

டூக்கியில் உண்மையான சிறு வேறுபாடுகள் தவறிப்போகலாம். தரவைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டே ஜோடிகளைத் தீர்மானித்திருந்தால், 5%-ஐ இரண்டாகப் பிரித்து, அவற்றுக்கு மட்டும் தலா 0.025 மட்டத்தில் டி சோதனை செய்வதே மேல்.